இரண்டு ரீசார்ஜ் ஸ்க்ரீன்ஷாட், எது லாபம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டு பிளானோட ஸ்க்ரீன்ஷாட் கையில இருக்கு. ஒண்ணு 349, இன்னொண்ணு 799. எதைப் போடலாம்?

முதலில் இரண்டு படத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். இந்தப் பக்கம் முழுக்க இதே இரண்டு படங்களை வைத்துத்தான் கணக்குப் போடப்போகிறேன். எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை. 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த பிரீபெய்ட் விலைகளை ஒட்டியவை. உங்கள் படத்தில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

முதல் படம்: 349 ரூபாய், 28 நாள், தினம் 2 ஜிபி, அன்லிமிடெட் கால், தினம் 100 எஸ்எம்எஸ். மேலே பெரிய எழுத்தில் "அன்லிமிடெட் 5ஜி".

இரண்டாம் படம்: 799 ரூபாய், 84 நாள், தினம் 1.5 ஜிபி, கால், எஸ்எம்எஸ் இரண்டும் அதேபோல. 5ஜி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மூலையில் "50 ரூபாய் கேஷ்பேக்" என்று ஒரு பச்சைப் பட்டை.

விலையை நாளால் வகுங்கள். 349-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 12 ரூபாய் 46 காசு. 799-ஐ 84-ஆல் வகுத்தால் 9 ரூபாய் 51 காசு. முதல் பிளானை மூன்று முறை போட்டால்தான் 84 நாள் ஓடும். அதற்கு 1,047 ரூபாய். ஆக, அதே 84 நாளுக்கு இரண்டாவது பிளான் 248 ரூபாய் குறைவு.

இந்த 248-ஐ ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் பிளான் கூடுதலாகத் தரும் தினம் அரை ஜிபியும் 5ஜியும் உங்களுக்கு 248 ரூபாய் பெறுமா, பெறாதா? அவ்வளவுதான் கேள்வி. பதில் பொடி எழுத்திலும் உங்கள் போனிலும் இருக்கிறது.

ஒரு ஜிபி எவ்வளவு விழுதுன்னு பார்த்தா 349 பிளான்தானே மலிவு?

கணக்கு சரிதான். முதல் பிளானில் மொத்தம் 56 ஜிபி, ஒரு ஜிபி 6 ரூபாய் 23 காசு. இரண்டாவதில் 126 ஜிபி, ஒரு ஜிபி 6 ரூபாய் 34 காசு. பதினோரு காசு வித்தியாசத்தில் முதல் பிளான் ஜெயிக்கிறது. விளம்பரங்களும் ஒப்பீட்டு வீடியோக்களும் இந்த எண்ணைத்தான் காட்டும்.

ஆனால் அந்த 56 ஜிபி ஒரே மூட்டையாகக் கைக்கு வருவதில்லை. தினம் 2 ஜிபியாக வருகிறது. அன்றைக்குத் தீராதது நள்ளிரவோடு போய்விடும், மறுநாளைக்குச் சேராது. இதைப் படத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லாமலே விட்டிருப்பார்கள். சில போஸ்ட்பெய்ட் பிளான்களிலும், பிரீபெய்டில் அபூர்வமாகவும் மிச்ச டேட்டாவைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தருகிற ஜிபியால் வகுக்காதீர்கள், நீங்கள் தீர்க்கிற ஜிபியால் வகுங்கள். தினம் 1.1 ஜிபி தீர்க்கும் ஒருவருக்கு முதல் பிளானில் ஒரு ஜிபி 11 ரூபாய் 33 காசு ஆகிறது. இரண்டாவதில் 8 ரூபாய் 65 காசு. முடிவு தலைகீழாகிவிட்டது, பாருங்கள்.

நான் தினம் எவ்வளவு தீர்க்கிறேன்னு எனக்கே தெரியாதே?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தங்கள் தேவையைக் கூட்டித்தான் சொல்வார்கள். வீட்டில் வைஃபை இருப்பவர்கள் இன்னும் கூட்டிச் சொல்வார்கள், வைஃபையில் பார்த்த படமும் மொபைல் டேட்டாவில் போனது போலவே தோன்றும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் அல்லது சிம் பகுதியில் மொபைல் டேட்டா பயன்பாடு இருக்கும். அங்கே கணக்கு தொடங்கும் தேதியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு சிம் போட்டிருந்தால் எந்த சிம்மின் கணக்கைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஐபோனில் அந்தக் கணக்கு தானாக மாதாமாதம் பூஜ்யத்துக்குத் திரும்பாது. நீங்களாக ரீசெட் கொடுத்த நாளிலிருந்துதான் அது எண்ணிக்கொண்டே போகும். இரண்டு வருடக் கணக்கை ஒரு மாதக் கணக்கு என்று நினைத்து பெரிய பிளானுக்கு மாறுகிறவர்கள் உண்டு.

சராசரி மட்டும் தெரிந்தால் போதாது. தினம் 1.1 ஜிபி சராசரி என்றால், ஆறு நாள் முக்கால் ஜிபியும் ஞாயிற்றுக்கிழமை மூன்று ஜிபிக்கு மேலும் போயிருக்கலாம். தினக்கோட்டா பிளானில் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் செலவு வைக்கும். உங்களுக்கு வேண்டிய எண், 28 நாளில் எத்தனை நாள் ஒன்றரை ஜிபியைத் தாண்டினீர்கள் என்பது. நிறுவனத்தின் செயலியில் தினசரிப் பயன்பாடு இருந்தால் பழைய நாட்களைப் புரட்டி எண்ணிவிடலாம். அது இல்லையென்றாலும் வழி இருக்கிறது. டேட்டா பாதி தீர்ந்தது, முழுதும் தீர்ந்தது என்று வந்த எஸ்எம்எஸ்களை யாரும் அழிப்பதில்லை. அவற்றைத் தேடி எண்ணுங்கள்.

ஒன்றரை ஜிபி தீர்ந்த நாள்ல நெட் நின்னுடுமா?

தினக்கோட்டா பிளான்களில் பொதுவாக நிற்காது, வேகம் விழும். பொடி எழுத்தில் "64 Kbps" என்று இருக்கும். அது விநாடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் மெல்லப் போய்ச்சேரும். வீடியோ, வரைபடம் எல்லாம் மறந்துவிடலாம். கடையில் நின்று பணம் அனுப்பும்போது சுற்றிக்கொண்டே இருக்கும். "அன்லிமிடெட் டேட்டா" என்று மேலே எழுதியிருக்கும் சில படங்களில் அந்த வார்த்தைக்கு ஆதாரம் இந்த 64 மட்டும்தான்.

அந்த நாளைச் சமாளிக்க டேட்டா பூஸ்டர் போடுவோம். 1 ஜிபி, ஒரு நாள், 19 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எழுதி வைத்த 248-ஐ எடுங்கள். 19-ஆல் வகுத்தால் 13. அதாவது 84 நாளில் பதின்மூன்று நாள் வரை பூஸ்டர் போட்டாலும் 799 பிளானின் செலவு 349 பிளானைத் தாண்டாது. வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் தாண்டுகிறவருக்கு 84 நாளில் 12 பூஸ்டர், 228 ரூபாய். அப்போதும் 20 ரூபாய் மிச்சம். வாரத்துக்கு இரண்டு நாள் தாண்டுகிறவர் 349 பக்கம் போய்விடலாம்.

பூஸ்டருக்கும் பொடி எழுத்து உண்டு. ஒரு மணி நேரத்தில் முடிவது, அன்றைய நள்ளிரவோடு முடிவது, அடிப்படை பிளான் முடியும்வரை இருப்பது என்று வகைகள் இருக்கின்றன. மூன்றாவது வகை கொஞ்சம் விலை கூடினாலும் மிச்சம் வீணாகாது. தாண்டும் நாட்களில் கால் ஜிபி, அரை ஜிபிதான் கூடுதலாகத் தேவை என்பவர்களுக்கு அதுவே நல்லது. இரவு பதினோரு மணிக்குத் தீர்ந்தால் பூஸ்டர் போடாமல் படுத்துவிடுங்கள்.

ஒரே மொத்தமா டேட்டா தர்ற பிளான் பரவாயில்லையா? 84 நாளுக்கு 6 ஜிபின்னு போட்டிருக்கான்.

வைஃபை உள்ள வீட்டில், வெளியே போகும்போது மட்டும் டேட்டா திறப்பவருக்கு மிக நல்ல பிளான். விலையும் குறைவு, தினக்கோட்டா வீணாகிற கதையும் இல்லை. ஆனால் தீர்ந்தபின் என்ன ஆகும் என்ற வரியைக் கட்டாயம் படியுங்கள். இந்த வகையில் சில பிளான்கள் வேகத்தைக் குறைக்காமல், ஒரு எம்பிக்கு 50 காசு என்று காசு எடுக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு ஜிபிக்கு அது 512 ரூபாய். மெயின் பேலன்ஸில் பணம் இல்லையென்றால் நெட் நின்றுவிடும், பாதகமில்லை. எப்போதோ போட்ட 100 ரூபாய் டாக்டைம் இருந்தால் ஒரு செயலி தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும் நேரத்தில் அது கரைந்துபோகும். இந்த வகை பிளான் போட்டால் போனிலேயே டேட்டா வரம்பு வைத்துவிடுங்கள்.

349-ல அன்லிமிடெட் 5ஜி இருக்கே, அதுக்கு மேல என்ன வேணும்?

முழுப் பக்கத்திலும் முடிவை மாற்றக்கூடிய வரி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2024 ஜூலைக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் அன்லிமிடெட் 5ஜியைப் பொதுவாகத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கென்று ஒதுக்கிவிட்டன. அதனால்தான் ஒன்றரை ஜிபி படத்தில் 5ஜி என்ற சொல்லே இல்லை. ஸ்க்ரீன்ஷாட்டில் எழுதியிருப்பதைப் பார்ப்பது போலவே எழுதாததையும் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் இருக்கும் வரி மற்றதில் காணோம் என்றால் அந்த வசதி இல்லை என்று கொள்ளுங்கள்.

5ஜி அன்லிமிடெட் என்றால் போன் 5ஜி சிக்னலில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். 4ஜிக்கு விழுந்த நொடியிலிருந்து அந்த 2 ஜிபி கரைய ஆரம்பிக்கும். தெருவில் 5ஜி பிடித்தும் வீட்டு உள்ளறையில் 4ஜி காட்டுவது சாதாரணம், கான்கிரீட் சுவருக்குள் உயர் அலைவரிசை சரியாக நுழையாது. அதனால் "உங்கள் ஊரில் 5ஜி உண்டு" என்ற பதில் போதாது. நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து வீடியோ பார்க்கும் இடத்தில், ராத்திரி எட்டு மணி பத்து மணிக்கு, போனின் மேல்பட்டையில் என்ன காட்டுகிறது என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

அங்கே 5ஜி நிலையாக நிற்கிறது, வீட்டில் வைஃபையும் இல்லை, தினம் மூன்று நான்கு ஜிபி போகிறது என்றால் 349 பிளானைத் தயங்காமல் போடுங்கள். 248 ரூபாய்க்கு வீட்டு இணைப்பின் வேலையைச் செய்துவிடும். 4ஜி போன் வைத்திருப்பவருக்கோ அந்த வரிக்கு மதிப்பு பூஜ்யம். அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

மாசம் 349. வருஷத்துக்கு 12 தடவை போட்டா போதும்தானே?

28 நாள் ஒரு மாதம் இல்லை. 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வரும். வருடத்துக்கு 4,188 ரூபாய் என்று நினைத்திருப்பீர்கள், போவது 4,537. இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜைப் பற்றி வந்த புகார்களுக்குப் பிறகு, 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் பிளானும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் குறைந்தது ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். அவை இருக்கின்றன, பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கித் தேட வேண்டும். சம்பளத் தேதியை ஒட்டி ரீசார்ஜ் செய்கிறவர்களுக்கு அது வசதி.

வருடப் பிளான் படத்திலும் இதே போல 365 என்று இருக்கிறதா, 336 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 336 என்பது பன்னிரண்டு 28. ஏறத்தாழ ஒரு மாதம் குறைவு.

50 ரூபாய் கேஷ்பேக், ஓடிடி இலவசம்... இதையெல்லாம் விலையில கழிச்சுக்கலாமா?

கேஷ்பேக் எந்த உருவில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள். நம் இரண்டாம் படத்தில் பச்சைப் பட்டைக்கு அருகில் ஒரு சிறு "i" குறி இருக்கிறது. அதைத் தொட்டால், 50 ரூபாய் கூப்பன், அடுத்த ரீசார்ஜில் பயன்படுத்தலாம், 30 நாளுக்குள் என்று வருகிறது. இந்த பிளானோ 84 நாள் ஓடும். அடுத்த ரீசார்ஜ் வருவதற்கு 54 நாள் முன்பே கூப்பன் செத்துவிடும். எனவே அதன் மதிப்பு பூஜ்யம், விலை 799-தான். உடனே விலையில் குறைவது, வங்கிக் கணக்குக்குத் திரும்புவது, இவற்றை மட்டும் கழியுங்கள்.

ஓடிடி விஷயத்தில், அது பிளானோடு வராவிட்டால் காசு கொடுத்து வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குவீர்கள் என்றால், மொபைலில் மட்டும் ஓடுமா, டிவியிலும் ஓடுமா, எத்தனை மாதம் என்று பார்த்து அந்தத் தொகையைக் கழிக்கலாம். "1,499 ரூபாய் மதிப்புள்ள" என்று போட்டிருக்கும் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒண்ணு பிரீபெய்ட், இன்னொண்ணு போஸ்ட்பெய்ட். அப்படியே ஒப்பிடலாமா?

வரியைச் சேர்த்த பிறகு ஒப்பிடுங்கள். பிரீபெய்ட் பிளான் விலையில் ஜிஎஸ்டி அடக்கம். போஸ்ட்பெய்ட் மாத வாடகையை வழக்கமாக வரி இல்லாமல்தான் எழுதுவார்கள். 449 என்று போட்டிருந்தால் 18 சதவீதம் சேர்ந்து பில் 529 ரூபாய் 82 காசு வரும். அது முழு மாதத்துக்கு, 28 நாளுக்கு அல்ல. ஆகவே அதை 30-ஆல் வகுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது எதெல்லாம் விழணும்?

விலை அட்டையை மட்டும் எடுத்தால் பயனில்லை. முதலில் "View details" அல்லது அது போன்ற பொத்தானைத் தொட்டு விவரத்தைத் திறந்துவிட்டு, பக்கத்தை நீட்டிப் பிடிக்கும் ஸ்க்ரீன்ஷாட்டாக அடிவரை எடுங்கள். கோட்டா தீர்ந்தபின் வேகம், எத்தனை நாள், 5ஜிக்கான நிபந்தனை, கூப்பன் காலாவதி ஆகிய நான்கும் படத்தில் வந்துவிட்டால் போதும். மேல்பட்டையில் நேரம் மட்டும் இருக்கும், தேதி இருக்காது. அதனால் கோப்பின் பெயரிலோ கேலரி விவரத்திலோ தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்தையும் ஒரே நாளில் எடுங்கள். பணம் கட்டும் கடைசித் திரையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். சில பணச் செயலிகள் ரீசார்ஜுக்கு ஓரிரு ரூபாய் கட்டணம் சேர்ப்பது அங்கேதான் தெரியும்.

ஃபேமிலி குரூப்ல அண்ணன் ஒரு ஆஃபர் படம் போட்டார். எனக்கு அந்த பிளானே காட்டலையே?

அது அவர் எண்ணுக்கு மட்டும் வந்த சலுகையாக இருக்கலாம். கொஞ்ச நாளாக ரீசார்ஜ் செய்யாத எண்ணுக்கும், வேறு நிறுவனத்திலிருந்து மாறி வருகிறவரின் முதல் ரீசார்ஜுக்கும் தனி விலை வைப்பார்கள். தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் பட்டியல் மாறுவதும் உண்டு, பெங்களூரு எண்ணுக்குக் காட்டுவது மதுரை எண்ணுக்குக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் எண்ணை நிறுவனத்தின் சொந்தச் செயலியில் போட்டு அங்கே வருகிறதா என்று பாருங்கள். எல்லா நிறுவனங்களின் கட்டணத்தையும் ஒரே இடத்தில் பார்க்க டிராயின் tariff.trai.gov.in தளம் இருக்கிறது. படத்தோடு ஒரு இணைப்பும் வந்து, அதைத் தொட்டால்தான் ஆஃபர் கிடைக்கும் என்றால் தொடாதீர்கள்.

அம்மா பேசுறதுக்கு மட்டும்தான் போன் வச்சிருக்காங்க. அவங்களுக்கும் இதே ரெண்டுல ஒண்ணா?

இரண்டும் வேண்டாம். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, டேட்டா இல்லாமல் காலும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பிளான் ஒன்றாவது எல்லா நிறுவனமும் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரி முதல் அவை கிடைக்கின்றன. செயலியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படாது, வாய்ஸ் என்று தனிப் பகுதியில் இருக்கும். வாங்கும் முன், அம்மா வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளின் வீடியோ பார்க்கிறாரா, வீட்டு வைஃபையில் பார்க்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வைஃபை என்றால் வாய்ஸ் பிளானே போதும். மாத்திரைக்கும் பாலுக்கும் வெளியில் நின்று பணம் அனுப்புகிறவர் என்றால் மேலே சொன்ன மொத்த டேட்டா பிளானைப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தா வேற கம்பெனி பிளான்தான் லாபம். நம்பரை மாத்தாம மாறிடலாமா?

மாறலாம். PORT என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். ஆனால் பழைய பிளானில் மிச்சமிருக்கும் நாளும் டாக்டைமும் கூட வராது. இன்னும் 40 நாள் பாக்கி இருக்கும் 799 பிளானை விட்டுப் போனால், நாளைக்கு 9 ரூபாய் 51 காசு வீதம் 380 ரூபாய் போகிறது. 248 ரூபாய் லாபத்துக்காக அதைச் செய்யக்கூடாது, பிளான் முடிவை ஒட்டி மாறுங்கள்.

போன பிறகு 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும், அதற்குள் திரும்ப மாற முடியாது. எனவே அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ நண்பரையோ ஒரு மாலை உங்கள் வீட்டுக்குள் நின்று பேசச் சொல்லுங்கள், அவர் போனில் ஒரு வீடியோவும் ஓடட்டும். சமையலறையில் கால் அறுந்தால் அந்த பிளானின் பொடி எழுத்தை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.